எடுத்த ப்யூஸும் எரிந்த விளக்கும்

என் மனைவியின் தம்பியும் நானும் நாமக்கல் பக்கம் கூட்டாக ஒரு குஞ்சு பொரிப்பகம் கட்டினோம். பொரிப்பு இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. மறுநாள் முட்டை லாரி வருவதாக ஏற்பாடு. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மல்லசமுத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய பொரிப்பகத்தில் மூன்று லைனில் ஒரு லைன் மட்டும் கரண்ட் போய், அதில் மாட்டியிருந்த இயந்திரங்களில் இருந்த முட்டை அத்தனையும் வீணாகிப்போனது. குழி தோண்டிப் புதைத்ததை நான் நேரில் பார்த்தவன். நிலத்தை அடமானம் வைத்துத்தான் இந்தத் தொழிலில் கால் வைத்திருந்தேன். ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு வேண்டிக்கொண்டேன். அது போக ஒரு ஜெனரேட்டரும், கரண்ட் போனால் தானே அதை ஓட்டி லைனை மாற்றிக்கொள்ளும் பேனலும் வாங்கியிருந்தோம்.

ஜெனரேட்டர் எஞ்சின் வந்து இறங்கியதுமே எனக்குச் சந்தேகம். நட்டு போல்ட்டு மேலெல்லாம் பெயிண்ட் அடித்திருந்தது. பழைய எஞ்சினுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். அதைச் சோதித்து ஒப்படைக்க சேலத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், சிரிக்கவே மாட்டார். விற்றவர்கள் அனுப்பிய ஆள் விற்றவர்களுக்குத்தானே பேசுவார் என்று அவர் மேலும் ஒரு கண் வைத்திருந்தேன்.

அவர் முதலில் கேட்டது ஒரு சிமெண்ட் தொட்டியும் ஒரு மூட்டை கல்லுப்பும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மூன்று இரும்புத் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டு, ஜெனரேட்டரின் மூன்று ஒயரையும் அதில் இணைத்தார். சுற்றிலும் கயிறு கட்டி யாரும் கிட்டே போகக்கூடாது என்றார். தகடு தண்ணீரில் இறங்க இறங்க எஞ்சினுக்குப் பாரம் ஏறும். போதாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் உப்புப் போடுவார்.

"ஏனுங்க சார், வெந்நி வெக்கறதுக்கா இத்தாப்பெரிய எஞ்சினு வாங்குனோம்?" என்றான் மச்சினன்.

"வெந்நீர் கொதிக்கணும். அப்பத்தான் எஞ்சினோட லட்சணம் தெரியும். சும்மா ஓடுறப்போ எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்."

கால் பாரம், அரைப் பாரம், முக்கால் பாரம் என்று ஏற்றி ஒவ்வொன்றிலும் நிறுத்தி வோல்ட்டு, வேகம், எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் முழுப் பாரம். எஞ்சின் குரல் கனத்தது. நான் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்புப் புகை வந்தால் பழைய எஞ்சின் என்று பிடித்துக்கொள்ளலாம் என இருந்தேன். வரவில்லை. நெடுநேரம் அப்படியே ஓட்டினார். பிறகு அவ்வளவு பாரத்தையும் ஒரே வெட்டாக வெட்டினார். எஞ்சின் ஒரு கணம் துள்ளி, தன் வேகத்துக்கு வந்து நின்றது. பெயிண்ட் விஷயத்தை நான் விழுங்கிவிட்டேன்.

அடுத்தது பேனல். மின்வாரியத்திலிருந்து வரும் மெயினை அணைத்தார். சில விநாடி ஒன்றும் நடக்கவில்லை. லைன் வெறுமனே கண் சிமிட்டினால் எஞ்சின் கிளம்பக்கூடாது என்பதற்காக அந்தக் காத்திருப்பாம். பிறகு எஞ்சின் தானே கிளம்பி, வோல்ட்டு ஏறியதும், மெயின் பக்கத்துக் காண்டாக்டர், அதாவது தானே இயங்கும் சுவிட்ச், விட்டு இந்தப் பக்கத்துக் காண்டாக்டர் டக்கென்று பிடித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாதபடி நடுவில் பூட்டு இருப்பதையும் காட்டினார். மெயினைத் திரும்பக் கொடுத்தபோது அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாறியது. எஞ்சின் சூடு ஆறும்வரை ஓடிவிட்டு நின்றது.

"எல்லாம் போனா சரிதானுங்க. ஒரு லைனு மட்டும் போனா?" என்று கேட்டேன்.

மெயின் ப்யூஸ் மூன்றில் ஒன்றைப் பிடுங்கினார். பேனலில் லைனுக்கு ஒன்றாக இருந்த மூன்று விளக்கில் நீல விளக்கு அணைந்தது. எஞ்சின் கிளம்பியது. எனக்கு உயிர் வந்தது.

அத்தோடு அவர் கிளம்பியிருக்கலாம். "சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார். தொட்டியில் பாதித் தண்ணீர் கொதித்தே போயிருந்தது. திரும்பவும் பாரம் ஏற்ற வேண்டுமென்று, மச்சினன் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தான். தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே இன்ஜினியர், திரும்ப மாட்டியிருந்த அதே ப்யூஸை மறுபடி பிடுங்கினார்.

நீல விளக்கு அணையவில்லை. கொஞ்சம் மங்கி, எரிந்துகொண்டே இருந்தது. எஞ்சின் அசையவில்லை.

ப்யூஸ் அவர் கையில் இருக்கிறது. விளக்கு எரிகிறது. நான் அவர் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். காலையில் எங்களுக்குக் காட்டியதெல்லாம் வித்தையோ என்று ஓடியது மனம்.

"பேனலு சரியில்லீங்க. மாத்திக் குடுத்தாத்தான் ஆச்சு" என்றேன்.

"காலையில வேலை செஞ்ச பேனல்ங்க இது. இடையில என்ன மாறிச்சு, சொல்லுங்க."

"நீங்கதானுங்க உள்ள கைய வெச்சீங்க."

அவர் கோபப்படவில்லை. மீட்டரை எடுத்து, ப்யூஸ் பிடுங்கிய லைனில் வைத்துப் பார்த்தார். மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் குறைவாக அதிலும் வோல்ட்டு இருந்தது.

"வெளியில இருந்து வரலை. உள்ளேயிருந்து யாரோ அனுப்புறாங்க" என்றார்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. மச்சினனைப் பார்த்தேன். அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஜினியர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கிணற்று மோட்டாரை அணைத்ததும் விளக்கு செத்தது, எஞ்சின் கிளம்பியது. மூவரும் மோட்டார் அறைக்குப் போனோம். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி ஒரு கண்டென்சர். ஒரு லைன் போனாலும் மீதி இரண்டில் மோட்டார் ஓட எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மாட்டிவைப்பதுதான். அப்படி ஓடுகிற மோட்டார், செத்த லைனுக்கும் தானே வோல்ட்டுக் கொடுக்கிறது. பேனல் அதை மின்வாரியம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறது. அந்த மங்கல் கரண்டில் இயந்திரங்கள் போதுமான சூடு கொடுக்காது. முட்டை ஆறிக்கொண்டிருக்கும், நாங்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருப்போம்.

"எப்ப மாட்டுன மாப்ளே?"

"தண்ணி நிக்கக்கூடாதுன்னுதானுங்க மச்சான். எல்லாத்து ஊட்லயும் கெடக்குது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க உடுவீங்களா? ஒரு ஆணி அடிச்சாக்கூடச் சந்தேகப்படறீங்க. அந்த சாரு கையவே மொறச்சுப் பாத்தவரு."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அவன் என்னிடம் மறைத்துவிட்டான் என்ற வலி போகவில்லை.

"இதக் கழட்டுனாப் போதுங்களா சார்?" என்று அவனே கேட்டான்.

"போதாது. கண்டென்சர் இல்லாமலே ஓடுற மோட்டார் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். ஒரு லைன் போனா மோட்டாரை உடனே நிறுத்துற கருவி இருக்கு, சேலத்துல கிடைக்கும். அதை மாட்டி, மோட்டார் ஓடுறப்பவே திரும்பச் சோதிக்கணும். அதுவரைக்கும் நான் ஒப்படைக்க மாட்டேன்."

விற்றவர்களுக்காகப் பேசுவார் என்று நான் நினைத்திருந்த ஆள், ஒப்படைக்க மாட்டேன் என்கிறார்.

"முட்ட லாரிக்கு என்னங்க சொல்றது?" என்றான் மச்சினன்.

"வரவேண்டாம்னு சொல்லு."

"முட்டக்காரரு வேற ஆளுக்குக் குடுத்துருவாருங்க."

"குடுக்கட்டும். அந்தக் குழிய நா இன்னொருக்கா பாக்க மாட்டேன்."

அவன் கண்டென்சரைக் கழற்றி வெளியே வைத்தான். "சேலத்துக்குப் போய்ட்டு வாரேன்" என்று பஸ் ஏறினான். அவன் போன பிறகு நான் தனியாகப் போய் மோட்டார் அறையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். என்னால் தேடாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் கருவி மாட்டியாயிற்று. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் ப்யூஸில் கை வைக்கப் போனார். "நான் புடுங்கறனுங்க" என்றான் மச்சினன். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்து, பக்கத்திலேயே நின்றார்.

பிடுங்கினான். மோட்டார் சட்டென்று நின்றது. நீல விளக்கு அணைந்தது. நான் முருகா என்று நின்றேன். எஞ்சின் கிளம்பியது, காண்டாக்டர் பிடித்தது. மூன்று லைனிலும் பொரிப்பு இயந்திரங்களின் காற்றாடிகள் ஒன்று விடாமல் சுற்றின. மற்ற இரண்டு ப்யூஸையும் ஒவ்வொன்றாக அதேபோல அவனே பிடுங்கிக் காட்டினான்.

அந்த வார முட்டை வேறு ஆளுக்குத்தான் போனது. அடுத்த லாரிக்கு நாங்கள் காத்திருந்தோம். லாரி வந்தபோது முதல் தட்டை அவன் எடுத்து என் கையில் கொடுத்தான்.

"பாத்து அடுக்குங்க மச்சான்."

அடுக்கினேன்.