சுரண்டிய திகதி

கொன்ஸ்ரன்ரைன் அண்ணையின் வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாகனத் தரகு பார்த்த மனிசர் அவர். நகமில்லாத அந்த விரல்களாலேயே ஒவ்வொரு வாகனத்தின் பத்திரங்களையும் புரட்டுவார்.

துறைமுகத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய மொரிஸ் மைனர் காரை வீட்டு வாசலிலேயே வைத்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதையும் தொண்ணூறில் விற்றார். விற்றது ‘ஓப்பன் பேப்பரில்’. கொழும்பில் அப்போது முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் விற்றோம். மாற்றப் பத்திரத்தில் விற்கிறவர் கையெழுத்து வைப்பார், வாங்குகிறவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுவார். பத்திரம் கைமாறிக் கைமாறிப் போகும், வாகனமும் போகும். ஆனால் அரசாங்கப் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர்தான் சொந்தக்காரன் என்று கிடக்கும்.

அந்த மோட்டார் சைக்கிளில் போன எவனோ ஒருவன் ஒரு சார்ஜன்டின் மகனை இடித்துவிட்டு நிற்காமல் ஓடினான். பொலிஸ் தேடி வந்தது கொன்ஸ்ரன்ரைனை. மூன்று நாள் வைத்திருந்தார்கள். யாருக்கு விற்றாய் என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது. இரண்டாம் நாள் குறடு எடுத்தார்கள்.

அன்றிலிருந்து அந்த மனிசருக்கு ஒரு பிடிவாதம். வாங்கினாலும் விற்றாலும் முதலில் ட்ரபிக் பொலிசுக்குப் போய் வாகன இலக்கத்தைச் சொல்லி, கட்டாத தண்டம் இருக்கிறதா என்று கேட்பார். பிறகு நீதிமன்றக் கந்தோருக்குப் போய், அந்த இலக்கத்தில் வழக்கு ஏதும் தொங்குகிறதா என்று பார்ப்பார். தண்டம் இருந்தால் தபால் கந்தோரில் கட்டி, ரசீதைக் காட்டி, பொலிசில் கிடக்கும் சாரதி லைசன்சை மீட்ட பிறகுதான் பேச்சு. கடைசியாக வாங்குகிறவனையும் விற்கிறவனையும் கூட்டிக்கொண்டு நாரஹேன்பிட்டி வாகனப் பதிவுக் கந்தோருக்குப் போய் அன்றைக்கே பெயர் மாற்றுவிப்பார். எந்நேரமும் நீதிமன்றத்துக்கு அலைகிறார் என்று மற்றத் தரகர்கள் அவரைக் ‘கோடு கொன்ஸ்ரன்ரைன்’ என்று பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் பெயர் நாகேந்திரம். வெள்ளவத்தையில் குடியிருந்து, புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் எழுத்து வேலை பார்த்தேன். தொண்ணூற்றேழு செப்டெம்பரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வான் வாங்க நினைத்து அவரிடம் போனேன். கொட்டாஞ்சேனையில் பீற்றர் என்ற ஒருவனின் முற்றத்தில் நல்ல வான் ஒன்று நின்றது. பீற்றர் சண்டியன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வான் அழகாக இருந்தது, விலையும் மலிவு. பத்திரங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லித் தந்தான்.

கொன்ஸ்ரன்ரைன் அண்ணை பீற்றரிடம் லைசன்சைக் கேட்டார். அவன் காட்டியது தவணை முடிந்துபோன ஒரு தற்காலிகத் துண்டு. லைசன்சைப் பொலிஸ் பிடித்து வைத்திருக்கிறது, தண்டம் கட்டவில்லை என்பது அதன் அர்த்தம். அண்ணை முகத்தைச் சுளித்தார். தெருவுக்கு வந்ததும், தான் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரைக்கும் பத்திரத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

வீட்டில் பத்திரத்தைப் பார்த்தேன். பதிவுச் சொந்தக்காரர் சவுந்தரநாயகம், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் விலாசம். ஓப்பன் பேப்பரில் திகதியையும் வெறுமையாக விடுவதுதான் வழக்கம். இந்த மனிசர் கையெழுத்துக்குக் கீழே ‘1996 மார்ச் 4’ என்று குண்டு குண்டாக எழுதி வைத்திருந்தார். வாங்கிப் பதினாலு நாளுக்குள் பெயர் மாற்றாவிட்டால் பிந்தினதற்குக் காசு கேட்பார்கள் என்று கடையில் யாரோ சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. இதுவோ ஒன்றரை வருசம். என் சட்டைப் பையில் எப்போதும் அரை பிளேட் ஒன்று இருக்கும். பேரேட்டில் பிழை வந்தால் மை தெரியாமல் சுரண்டுவதில் புறக்கோட்டையிலேயே நான் கெட்டிக்காரன் என்று முதலாளி சொல்லுவார். சுரண்டினேன். நகத்தால் தேய்த்து மட்டமாக்கி அன்றைய திகதியை எழுதினேன். எல்லோரும் செய்கிற வேலைதானே என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் பீற்றரின் முற்றத்துக்குப் போனோம். அண்ணை நீதிமன்றக் கந்தோரிலிருந்து நேரே வந்திருந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பத்திர உறையை என்னிடமிருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, விறைப்பாக நின்று பேசினார். போன வருசம் ஜூலையில் இந்த வான் ஒரு சைக்கிள்காரனை அடித்துவிட்டு நிற்காமல் ஓடியிருக்கிறது. அழைப்பாணை சவுந்தரநாயகத்தின் பழைய லொட்ஜுக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் ஹெந்தளைக்கு வீடு மாறியிருந்தார். ஆள் வராததால் பிடியாணை பிறந்தது. இரண்டு கிழமைக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்து, வான் எங்கே, யாருக்குக் கொடுத்தாய், எதற்குக் கொடுத்தாய் என்று அடித்து நொருக்கி, இப்போது விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள். மார்ச்சிலேயே விற்றுவிட்டேன், என் கையாலேயே திகதி போட்டேன் என்று அந்த ஆள் நீதவானிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்திரம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

“அது இஞ்சை இருக்கு,” என்று அண்ணை உறையைத் தட்டினார். “ஜூலையிலை வான் உம்மட்டைத்தான் நிண்டது எண்டு இந்த ஒழுங்கைக்கே தெரியும் பீற்றர். நான் இதைக் கோட்டிலை குடுக்கப் போறன்.”

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அந்தத் திகதி இப்போது அதில் இல்லை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் பீற்றர் சிரித்திருப்பான், அதோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை.

பீற்றர் கேற்றைச் சாத்திக் கொண்டி போட்டான். வானுக்குப் பின்னால் கிடந்த ஜாக் கம்பியை எடுத்தான். முதல் அடி அண்ணையின் முழங்கையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. உறையைத் தா என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினான். அண்ணை அதை மற்றக் கைக்கு மாற்றிச் சட்டைக்குள் செருகினார். இரண்டாவது அடி தோளில், மூன்றாவது காதுக்கு மேலே. அண்ணை விழுந்தார், விழும்போதே குப்புறப் படுத்து வயிற்றுக்குள் அந்த உறையை அமுக்கிக்கொண்டார். பீற்றர் முதுகில் ஏறி மிதித்தான். விலாவில் சப்பாத்தால் உதைத்தான். தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சீமெந்தில் இடித்தான். பல் ஒன்று உருண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நான் வானுக்குப் பின்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால், ஒளிந்து நின்றேன். பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா மதிலுக்கு மேலால் பார்த்துக் குழறி, தெருச் சனம் கேற்றை உடைத்து உள்ளே வந்த பிறகுதான் பீற்றர் பின் மதிலால் குதித்து ஓடினான். அதுவரைக்கும் அண்ணை உறையை விடவில்லை. அந்தத் திகதி இல்லாத ஒரு வெறும் காகிதத்துக்காக அந்த மனிசர் அத்தனை அடியும் வாங்கினார்.

பெரியாஸ்பத்திரியில் உதடு வீங்கிப் பேச முடியாமல் கிடந்தார். உறை இரத்தத்தில் ஊறி விறைத்திருந்தது. அதை என் கையில் தந்து, நாளைக்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கோட்டில் கொடு என்று கையால் காட்டினார். ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பத்திரத்தில் கை வைத்ததற்கு என்னைப் பிடிப்பார்கள். தமிழன், கள்ளத் திகதி, தேடப்படுகிற வான். அவர்கள் என்னிடம் எதையெல்லாம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணையின் விரல்கள் கண் முன்னால் வந்தன. சவுந்தரநாயகத்தின் வழக்குத் தவணை வந்தது, நான் போகவில்லை. இன்னும் பதினாலு நாள் அந்த ஆளுக்கு மறியல். அண்ணை கேட்டபோது கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அடுத்த தவணையும் வந்தது, போகவில்லை. அந்த நாட்களுக்குள்தான் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது.

ஒக்டோபர் கடைசியில் அண்ணை பிளாஸ்டர் போட்ட கையோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கோட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறார், எந்தப் பத்திரமும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே எடு என்றார். எடுத்துக் கொடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான் எழுதிய திகதிக்கு அடியில் காகிதம் மெலிந்து வெளிச்சம் உள்ளே வந்தது.

“நீர் சுரண்டினீரோ?”

“ஓம் அண்ணை.”

“எப்ப?”

“அடி விழ முதல் நாள்.”

பிளாஸ்டர் கையாலேயே என் முகத்தில் அறைந்தார். கதவு நிலையில் தலை அடிபட்டது. எழும்பினேன், திரும்பவும் அறைந்தார். பிளாஸ்டர் வெடித்தது, அவருக்குத்தான் அதிகம் நொந்திருக்க வேண்டும். என் மனைவி பத்மாவதி ஓடிவந்து இடையில் நின்றாள். அவர் அவளைப் பார்த்து, நாளைக்கு வழக்குத் தவணை, ஒன்பது மணிக்கு இவரைக் கோட்டுக்கு அனுப்புங்கோ பிள்ளை, அனுப்பாவிட்டால் நான் வந்து இழுத்துக்கொண்டு போவன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். சாட்சிக் கூண்டில் ஏறி, நான்தான் சுரண்டினேன், அதில் இருந்தது 1996 மார்ச் 4 என்று சொன்னேன். நீதவான் பத்திரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். சவுந்தரநாயகம் அழுத்தி எழுதுகிற ஆள். மை போனாலும் பேனை பதிந்த தடம் பின்னால் புடைத்து நின்றது. கொன்ஸ்ரன்ரைன் அண்ணையும் மெற்றில்டா அக்காவும் ஜூலையில் வானை வைத்திருந்தவன் பீற்றர் என்று சொன்னார்கள். நீதவான் சவுந்தரநாயகத்தை விடுவித்தார், பீற்றரைப் பிடிக்கக் கட்டளையிட்டார், என்னிடம் வாக்குமூலம் எடுக்கச் சொன்னார். பத்திரத்தில் கை வைத்ததற்காகப் பிறகு எனக்கு நடந்தது எதுவும் பெரிதில்லை.

வெளி முற்றத்தில் சவுந்தரநாயகத்தை மனைவி கனகேஸ்வரி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயது ஆள், கிழவனைப் போல நடந்தார். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தது, பஞ்சு மஞ்சளாக ஊறியிருந்தது. குண்டு வெடித்த அன்று மறியல் வீட்டுக்குள் மற்றக் கைதிகள் சேர்ந்து, தமிழன் என்று அவரைச் சுவரோடு வைத்து அடித்தார்களாம். நான் அலுமாரியைப் பூட்டி வைத்திருந்த நாட்களில் ஒன்று அது.

என்னைக் கண்டதும் அவர் கண் கலங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நீங்கள்தானாம் வந்து சாட்சி சொன்னது, கடவுள் உங்களை நல்லா வைப்பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் சுரண்டினேன், நான்தான் ஒரு மாதம் ஒளித்து வைத்தேன், என்னால்தான் உங்களுக்கு இந்தக் கதி என்று முணுமுணுத்தேன். அவர் என் வாயைப் பார்த்துச் சிரித்தார், இன்னொரு தரம் நன்றி சொன்னார்.

பின்னால் நின்ற கொன்ஸ்ரன்ரைன் அண்ணை நகமில்லாத விரல்களை என் தோளில் வைத்தார்.

“அவருக்குக் காது கேக்காது தம்பி,” என்றார். “சத்தமாச் சொல்லும்.”

முற்றம் நிறையச் சனம் நின்றது. பொலிசும் நின்றது. நான் சத்தமாகச் சொன்னேன்.