தண்ணீரில் ஆறு, உப்பில் ஐந்து

பசங்களா, சின்ன வயதில் நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்து வீட்டில் போய், "எங்கப்பாவுக்கு மண்ணு ஆபீஸ்ல வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் நான் ஏதோ மணல் லாரிக் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் அம்மா சிரித்துச் சிரித்து விளக்கம் சொல்வாள். நீங்கள் சொன்னதும் தப்பில்லை. மண்தான் என் வேலை. வயலில் இருந்து வருகிற மண்ணை நிழலில் காயவைத்து, மரக்கட்டையால் தட்டி, சல்லடையில் சலித்து, எடை போட்டுக் கொடுப்பேன். பரிசோதனையை லேப் மேடம் செய்வார்.

இப்போது வேலை செய்கிற இடம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு, ஏசி, அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். நான் எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. பொம்மனஹள்ளியில் பெயிண்ட் கடை மாடியில் இருந்த பழைய லேப் பற்றி. படி ஏறும்போதே பெயிண்டில் கலக்கிற தின்னர் வாசனை அடிக்கும். கதவைத் திறந்தால் காய்ந்த மண் வாசனை. மூன்று மேஜை, ஒரு சிங்க், ஜன்னலுக்கு வெளியே ஹோசூர் ரோடு ஹாரன் சத்தம். மழைக்காலத்தில் மண் காயாமல் நான் பழைய பேப்பரை விரித்து விரித்துப் போட்டு அலுத்துப்போவேன். இன்றைக்கு அந்த அலுப்புக்கூட நினைத்தால் இனிக்கிறது.

அங்கே நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

சந்தாபுராவுக்கு அப்பால் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மா எங்களிடம் மண் கொடுத்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுபவர். தோட்டத்துப் பொறுப்பு முழுக்க அந்த அம்மாவுடையது. எங்கள் லேப் சொன்ன பி.எச். ஆறு புள்ளி இரண்டு. மண் புளிப்பா, உவரா என்று சொல்கிற அளவு அது. ஏழு நடு, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. ரோஜாவுக்கு ஆறு புள்ளி இரண்டு நல்ல மண்தான், ஒன்றும் போட வேண்டாம் என்று மேடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் புருஷன் பெண்டாட்டி இருவரும் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் டெம்போக்காரர்தான். கையில் வேறொரு லேப் கொடுத்த ரிசல்ட்.

"என்ன குரு, உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியலயா?" என்றார் என்னைப் பார்த்து. "ஒரே மண்ணு. நீங்க ஆறு பாயின்ட் ரெண்டுன்றீங்க. அவங்க அஞ்சு பாயின்ட் நாலுன்றாங்க. உரக்கடைக்காரர்கிட்ட காட்டினேன். சுவத்துல அட்டை மாட்டிருக்காரே, அதுல பாத்துட்டு, 'இது புளிச்ச மண்ணு, சுண்ணா போடு'ன்னு சொல்லிட்டாரு. மூட்டை தோட்டத்துல இறங்கிடுச்சு. நாளைக்கு ஆளுங்க வராங்க."

"ஒரே மண்ணுன்னு எப்டிங்க சொல்றீங்க?" என்று கேட்டேன். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும். ஒரு லேப்புக்கு வரப்போரம் எடுத்த மண், இன்னொன்றுக்குக் குழாயடி மண்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானே எடுத்தேண்ணா. பத்து எடத்துல தோண்டி, சாக்குல கொட்டிக் கலந்து, நாலா பிரிச்சு எதிரும் புதிருமா ரெண்டு பங்கு எடுத்துட்டு, மறுபடி கலந்தேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அதுல பாதி உங்களுக்கு, பாதி அவங்களுக்கு."

"எதுக்கு ரெண்டு எடத்துல?" என்றார் மேடம்.

"இவருக்கு நம்பிக்கை வரலன்னுதான். ஒரு டாக்டர் சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட போற ஆளு."

"போனதாலதானே தெரிஞ்சுது," என்றார் அவர்.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேடத்தைப் பார்த்துத்தான் பேசினார். "மேடம், செடி இப்பதான் நல்லா நிக்குது. சுண்ணா போட்டா போட்டதுதான். வாரி எடுக்க முடியாது. போடலாமா வேணாமா, அது ஒண்ணு சொல்லுங்க போதும்."

கேலிப் பேச்செல்லாம் அங்கேயே நின்றுபோயிற்று. மண் புளித்துப்போனாலும் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்துவிடலாம். சுண்ணாம்பு அதிகமாகிவிட்டால் ஏறின எண்ணைக் கீழே இறக்குவது பெரும்பாடு. நாளைக்கே அதைப் போட ஆட்கள் வருகிறார்கள்.

மேடம் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், நடுவே கன்னடம் விழும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "அண்ணா, இவங்க மண்ணு இருக்கா?" என்றார். இருந்தது. சோதித்து மிஞ்சிய மண்ணை ஒரு மாதம் பாக்கெட்டில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். பத்து கிராம் எடை போட்டு, இருபத்தைந்து மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி வைத்தேன். அரை மணி நேரம் ஆக வேண்டும். அதற்குள் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன்.

அந்த இடைவெளியில் மேடம் மற்ற லேப்புக்குப் போன் போட்டார். கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்க எதுல கலக்கி அளக்குறீங்க?" அந்தப் பக்கத்துக்காரர் கால்சியம் குளோரைடு என்றார். பூ வெளிநாடு அனுப்புகிற கம்பெனிகள் அப்படித்தான் கேட்கிறார்களாம். அவர்களிடம் எல்லா மண்ணும் அதில்தான். மேடம் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

மீட்டரை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை கலக்கினேன். மேடம் மீட்டரின் எலக்ட்ரோடைக் கழுவி, தெரிந்த பி.எச். உள்ள கரைசல்களில் சரிபார்த்து, பிறகு மண்தண்ணீரில் இறக்கினார். எண் ஆடி ஆடி ஆறு புள்ளி இரண்டில் நின்றது.

"நோடி, பாருங்க. இது தண்ணி. இப்ப இதே கிளாஸ்ல கால்சியம் குளோரைடு கரைசல் கொஞ்சம் விடுறேன். எண்ணைப் பாருங்க."

கெட்டியான கரைசல் சில சொட்டு விட்டுக் கலக்கினார். எண் இறங்க ஆரம்பித்தது. ஆறு. ஐந்து புள்ளி எட்டு. டெம்போக்காரர் டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஐந்து புள்ளி ஐந்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"ஆசிட் ஊத்திட்டீங்க," என்றார் அவர்.

"ஆசிட் அல்ல, உப்பு. புளிப்பு முன்னாடியே மண்ணுலதான் இருக்கு. களிமண் மேல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. வெறும் தண்ணி ஊத்தினா, அதுல கொஞ்சம்தான் இறங்கி வரும். நாம அளக்குறது இறங்கினதை மட்டும். இந்த உப்புல இருக்க கால்சியம் போய், உக்காந்திருக்கறதைத் தள்ளிட்டு, அந்த எடத்துல தான் உக்காந்துக்கும். அதனால தண்ணிக்குள்ள புளிப்பு கூடும், எண் குறையும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "காலையில ஹோசூர் ரோடு பஸ்ஸு மாதிரி. புதுசா ஏறுறவன் இடிச்சு இடிச்சு உள்ளே இருக்கவனை இறக்கி விட்டுடுவான்."

"அதேதான்," என்றார் மேடம்.

"அப்ப எதுங்க நெஜம்? ஆறா, அஞ்சா?" அந்த அம்மா கேட்டார்.

"ரெண்டும் நெஜம். ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில். தண்ணியில அளந்தா காலத்துக்குக் காலம் மாறும். உரம் போட்ட கையோட எடுத்தா, அந்த உரத்து உப்பே எண்ணைக் கொஞ்சம் இறக்கிடும். பெரிய மழைக்கு அப்புறம் எடுத்தா ஏறும். கால்சியம் குளோரைடுல அவ்வளவு ஆடாது, அதுக்காகத்தான் சில பேர் அதுல அளக்குறாங்க. ஆனா உரக்கடை அட்டை இருக்கே, அது தண்ணியில அளந்த எண்ணுக்குப் போட்டது. உப்பு எண்ணைக் கொண்டுபோய் அதுல பாத்தா, நல்ல மண்ணும் கெட்ட மண்ணா தெரியும்."

"அப்ப அஞ்சு பாயின்ட் அஞ்சுன்னுதானே வந்துது, அவங்க ஏன் அஞ்சு பாயின்ட் நாலுன்னு போட்டிருக்காங்க?" டெம்போக்காரர் விடுவதாக இல்லை.

"அந்த வித்தியாசம் எப்பவும் இருக்கும். அவங்க எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு மண்ணு போட்டாங்க, எவ்வளவு நேரம் விட்டாங்க, எலக்ட்ரோடைச் சேத்துல வச்சாங்களா மேல தெளிஞ்ச தண்ணில வச்சாங்களா. எங்க லேப்லயே ரெண்டு நாள் அளந்தா துளி மாறும். அந்தத் துளிக்குப் பயப்படாதீங்க. முக்கால் பாயின்ட், ஒரு பாயின்ட் மாறினா மட்டும் எதுல அளந்தீங்கன்னு கேளுங்க."

பிறகு அந்த லேப்புக்காரரிடமே மறுபடி போன் போட்டு, டெம்போக்காரர் கையில் கொடுத்தார். அவர் கேட்டார்: "சார், உங்க அஞ்சு பாயின்ட் நாலுக்குச் சுண்ணா போடணுமா?" பதிலைக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "ரோஜாவுக்கு வேணாங்கறாரு. அவங்க அட்டை வேறயாம்."

அந்த அம்மா அப்போதுதான் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

கிளம்பும்போது டெம்போக்காரர், "மூட்டைய என்ன பண்றது?" என்று முணுமுணுத்தார். "நீங்க உக்காந்து காவல் காத்துட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கினார்.

அவர் காவல் காக்கவில்லை. கடையில் மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றைத் தவிர. அதை யாருக்கும் தெரியாமல் கோடியிலிருந்த ஒரு பாத்தியில் மட்டும் கொட்டிப் பார்த்திருக்கிறார். இது எங்களுக்குத் தெரிந்தது மழைக்காலம் முடிந்த பிறகு. அந்த அம்மா ஒரு பையோடு வந்தார். பைக்குள் ஒரு பக்கம் கரும்பச்சை இலைகள். இன்னொரு பக்கம் குருத்து இலைகள். நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சள்.

"இது இவர் பாத்தி," என்றார் மஞ்சள் இலைகளைக் காட்டி.

மண்ணில் சுண்ணாம்பு ஏறினால், இரும்பு இருந்தும் செடிக்கு எட்டாது என்று மேடம் சொன்னார். அந்தப் பாத்திக்கு இரும்புச் சத்துத் தெளிப்பு எழுதிக் கொடுத்தார். கீழே டெம்போவில் ஹாரன் அடித்தது. அவர் ஏறி வரவில்லை. "வெக்கம்," என்றார் அந்த அம்மா, சந்தோஷமாக.

அன்றிலிருந்து எங்கள் ரிசல்ட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே 'தண்ணீரில் அளந்தது' என்று தமிழிலும் கன்னடத்திலும் போட ஆரம்பித்தோம். மேடம் பிறகு கல்யாணமாகித் தார்வாடு பக்கம் போய்விட்டார். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த வழியாகப் பஸ்ஸில் போனால், மாடி இருந்த உயரத்தில் வெறும் வானம் தெரிகிறது.

அந்த அம்மா மஞ்சள் இலைகளோடு வந்து போன நாளில் மேடம் சீக்கிரம் கிளம்பிவிட்டார். மேஜையைத் துடைத்து, எலக்ட்ரோடைக் கழுவி மூடி போட்டு வைத்தேன். அந்த அம்மாவின் மண் பாக்கெட் ஒரு மாதக் கெடு தாண்டியும் அலமாரியிலேயே இருந்தது. எனக்கு எறிய மனம் வரவில்லை. அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தீர்கள். பால்கனியில் உங்கள் அம்மா நட்டிருந்த ரோஜாக் குச்சியின் அடியில் அந்த ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டு, விரலால் அமுக்கி, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டேன்.