எண் மட்டும் போட்ட யோசனை

போளூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் வேலூர் போகிற பஸ் ஒவ்வொன்றும் அங்கே நின்றுவிடும். கண்டக்டர் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து முடிக்காமல் வண்டி அடுத்த ஸ்டேஜைத் தாண்டக் கூடாது என்பது விதி. மூச்சுவிட இடமில்லாத கூட்டத்துக்குள் அவர் நீந்தி நீந்திப் போய் டிக்கெட் கிழிப்பார். வெளியே வெயில் ஏறும், குழந்தைகள் அழும், பின்னால் வந்த பஸ்கள் வரிசையாக நிற்கும். சித்ரா பௌர்ணமிக்கும் இதே கதைதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த ஊர் பஸ் டிப்போவில் டிக்கெட் செக்‌ஷனில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். டிப்போவில் வேலை பார்த்த பெண்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். காலையில் கண்டக்டர்களுக்கு டிக்கெட் கட்டு கொடுப்பது, டூட்டி முடிந்து வந்ததும் வே பில் என்கிற அவர்களுடைய கணக்குத் தாளில் ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் பார்த்துக் கணக்கை ஒப்பிடுவது, இதுதான் என் வேலை. புளியமரத்தடிக் கூத்து ஒவ்வொரு தீபத்துக்கும் என் மேஜைக்கு வந்து சேரும். கூட்ட நெரிசலில் எண் மாறிக் கிழிக்கப்பட்ட டிக்கெட்டுகளாக, சரியாக வராத கணக்காக வந்து சேரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஊழியர் ஆலோசனைத் திட்டம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததால், டிப்போவிலேயே அதை முழுசாகப் படித்த ஆள் நான்தான் என்று தைரியமாகச் சொல்வேன். டைம் கீப்பர் அறைக்கு வெளியே ஒரு தகரப் பெட்டி மாட்டினார்கள். மற்றவர்கள் அதில் கேண்டீன் சாம்பாரைத் திட்டி எழுதிப் போட்டார்கள். பீடித்துண்டு போட்டவர்களும் உண்டு.

விதிகள் எனக்குப் பிடித்திருந்தன. புகார், சம்பளம், இடமாற்றம் பற்றி எழுதினால் அது ஆலோசனை ஆகாது. குறை மட்டும் சொன்னால் போதாது, தீர்வும் சொல்ல வேண்டும். படிவத்தின் மேல்பாதியில் யோசனை, கீழ்பாதியில் பெயர். ஆலோசனைக் குழுவின் செயலாளர் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு, கீழ்பாதியைக் கிழித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு ரசீது அனுப்புவார். மதிப்பிடுகிறவர்களுக்கு எண்ணோடு மேல்பாதி மட்டும் போகும். யார் எழுதியது என்று பார்த்து யாரும் சலுகை காட்டவோ பழி தீர்க்கவோ முடியாது. ஒரே யோசனையை இரண்டு பேர் தந்தால் முதலில் வந்து சேர்ந்தது நிற்கும். நிராகரித்த யோசனையை இரண்டு ஆண்டுக்குள் நிர்வாகமே நடைமுறைப்படுத்தினால், எழுதியவர் மறுபரிசீலனை கேட்கலாம். பரிசைப் பெற்றுக்கொண்டால் யோசனை நிறுவனத்தின் சொத்து.

வேலூர் ரூட்டில் ஓடிய கண்டக்டர் ஒருவர் இருந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடத் தீபம் முடிந்து கணக்கு கொடுக்க வந்தவர், பையைத் தொப்பென்று மேஜையில் போட்டார்.

"ஏம்மா, அந்தப் புளியமரத்துக்கு என் பேரையே வெச்சிடலாம். ஜாஸ்தி நேரம் அங்கதான் நிக்கிறேன்."

"ஏறதுக்கு முன்னாடியே ஸ்டாண்டுல டிக்கெட் குடுத்துட்டா என்னாண்ணா?"

"யார் குடுக்கிறது? நான் வண்டியப் பாப்பனா, கீழ நின்னு டிக்கெட் கிழிப்பனா?"

"வேற ஒரு கண்டக்டரு மேஜை போட்டு உக்காரட்டும். அவருக்குத் தனியா டிக்கெட் கட்டு, தனியா வே பில்லு. பணத்துக்கு அவரு பொறுப்பு. உங்களுக்கு ஏறுன தலைக்கணக்கும் டிக்கெட் நெம்பரும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுவாரு."

அவர் உட்கார்ந்துவிட்டார். "வழியில செக்கிங் ஏறுனா? இது எந்தக் கட்டு, எவன் குடுத்ததுன்னு என்னைக் கேப்பாங்களே."

அது எனக்குத் தோன்றாத விஷயம். வழியில் நடப்பது அவருக்குத்தான் தெரியும். அதற்கும் சேர்த்து வழி கண்டுபிடித்தோம். கீழே விற்கிற டிக்கெட்டில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருக்க வேண்டும். பரிசோதகர் பார்த்ததும் தெரிந்துகொள்வார். இரண்டு பேர் பெயரிலும் கூட்டு ஆலோசனையாக எழுதிப் பெட்டியில் போட்டோம். முறையாக ரசீது வந்தது. சில மாதம் கழித்து பதிலும் வந்தது. பஸ்ஸுக்கு வெளியே பணம் கையாள்வது பாதுகாப்பற்றது என்பதால் ஏற்க இயலவில்லை என்று ஒரே வரி.

"முடிஞ்சுது, போ" என்றார் கண்டக்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த கார்த்திகை வந்தது. தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் கோட்ட அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு. விழா நாட்களில் பஸ் நிலையத்தில் மேஜை போட்டு, தனி வே பில்லில் முன்கூட்டியே டிக்கெட் விற்க வேண்டும். அந்த டிக்கெட்டுகளில் சிவப்புக் கோடு இட வேண்டும். கோடு போடுகிற வேலை டிக்கெட் செக்‌ஷனுக்கு, அதாவது எனக்கு. என் யோசனைக்கு நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தீபத்துக்கு மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேஜைக்கு முன்னால் வரிசை. வண்டி நிரம்பியதும் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கண்டக்டர் விசில் ஊத, பஸ் நேராகக் கிளம்பிப் போனது. புளியமரத்தடியில் எதுவும் நிற்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"விடும்மா. பெரிய ஆபீசருங்க கிட்ட எதுக்கு வம்பு?" என்றார் அண்ணா.

"வம்பு எங்கண்ணா இருக்கு? விதியிலயே போட்டிருக்கு. ரெண்டு வருஷம் ஆவல. கேக்கலாம்."

"உனக்கு டிரான்ஸ்பர் போட்டாங்கன்னா?"

"போட்டா வேலூர்ல போய் உக்காந்து கோடு போடறேன்."

சிரித்துவிட்டார். ரசீது எண்ணையும் உத்தரவு எண்ணையும் குறிப்பிட்டு மறுபரிசீலனைக்கு எழுதினேன். குற்றச்சாட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த யோசனை இந்த எண்ணில் வந்தது, இந்த உத்தரவில் நடைமுறைக்கு வந்தது, விதிப்படி பரிசீலிக்கவும். அவ்வளவுதான். அவரும் கையெழுத்துப் போட்டார்.

குழு எங்களை வேலூருக்குக் கூப்பிட்டது. நீளமான மேஜைக்குப் பின்னால் தலைவர், கணக்கு அதிகாரி, தொழிலாளர் பிரதிநிதி ஒருவர். எங்கள் யோசனையை முதலில் மதிப்பிட்டவரும் பிறகு உத்தரவு போட்டவரும் போக்குவரத்து அதிகாரி ஒருவரே. அவரும் குழு உறுப்பினர்தான். ஆனால் தன் முடிவையே மறுபடி பார்க்கிற விஷயம் என்பதால் வாக்களிக்காமல் தள்ளி உட்கார்ந்திருந்தார். தலைவர் அவரிடம்தான் முதலில் கேட்டார்.

அவர் சொன்னார். "சார், நான் வேணாம்னு எழுதினது உண்மை. ஆனா மனசுல அது ஓடிக்கிட்டே இருந்துது. ஸ்டாண்டுல போலீஸ் அவுட்போஸ்ட் போட்டதும் பணத்துக்குப் பயமில்லன்னு தோணிச்சு. உத்தரவு போட்டேன். எங்கயோ படிச்சோம்னு ஞாபகம் இருந்துது. நம்பரைத் தவிர யார் பேரும் இல்லியா, யாரோட யோசனைன்னு தோணவே இல்ல."

நான் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தேன். அந்த இடத்தில் அது கரைந்துவிட்டது. எங்களைப் பாரபட்சத்திலிருந்து காப்பாற்றப் பெயரைக் கிழித்தார்கள். பெயர் போனதும் யோசனை அநாதையாகிவிட்டது. அவர் அதைக் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தார். ஆனாலும் பெற்றவர்கள் நாங்கள்தானே.

கணக்கு அதிகாரி விடவில்லை. "நீங்க டிக்கெட் செக்‌ஷன்தானே? டிக்கெட் விக்கிற முறையச் சொல்றது உங்க கடமை. கடமைக்குப் பரிசு கிடையாது, விதியப் பாருங்க."

"பாத்தேன் சார். நானே ஸ்டென்சில் வெட்டுன விதி. தன் அதிகாரத்துல தானே செய்யக்கூடிய மாற்றத்துக்குத்தான் பரிசு இல்லன்னு இருக்கு. எனக்கு ஸ்டாண்டுல மேஜை போட அதிகாரம் இருக்குதா சார்? ஒரு கண்டக்டருக்குத் தனி வே பில்லு குடுக்க அதிகாரம் இருக்குதா? உங்க ஆபீஸ் உத்தரவு இல்லாம நான் சிவப்புக் கோடு கூடப் போட முடியாது."

தொழிலாளர் பிரதிநிதி தொண்டையைச் செருமினார். கணக்கு அதிகாரி சுற்றறிக்கையை எடுத்து அந்த வரியைத் தானே படித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "சரிதான்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

பரிசு ஒப்பளிக்கப்பட்டது. எரிபொருளும் நேரமும் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்துத் தொகையை முடிவு செய்வது வழக்கம். படிவத்தில் பங்கு குறிப்பிடாததால் இருவருக்கும் சரிபாதி. பெரிய தொகை இல்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் அண்ணா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு வேற ஊர்த் திருவிழாவுலயும் இதையே செய்வாங்க. அதுக்கெல்லாம் நமக்குக் கெடையாதா?"

"கெடையாதுண்ணா. இதுல கையெழுத்துப் போட்டா யோசனை அவங்களது. எங்க வேணா செஞ்சுக்கலாம். ஆனா யாரு குடுத்ததுன்னு நம்ம சர்வீஸ் புக்குல ஏறிடும்."

"நீ என்னா சொல்ற?"

"போடுங்க. திருவிழாவுக்குத் திருவிழா போயி நாமளா மேஜை போடப் போறோம்?"

போட்டார்.

அடுத்த கோடையில் செங்கம் ரோட்டில் தனியார் பஸ் வைத்திருந்த முதலாளி ஒருவர் வீட்டுக்கே வந்தார். பழத்தட்டோடு. பௌர்ணமிக்குத் தன் வண்டிகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும், சிவப்புக் கோடு, சீட்டு எல்லாம் எப்படி என்று எழுதித் தந்தால் நல்லபடியாகக் கவனிப்பதாகச் சொன்னார்.

"ஸ்டாண்டுல வந்து பாருங்க, பாக்கறதுக்குக் காசில்ல. எழுதி விக்கிறதுக்கு அது என்னுது இல்லிங்க. வேணும்னா எங்க தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேளுங்க."

"நீங்க கண்டுபிடிச்சதுதானேம்மா?"

"கண்டுபிடிச்சது நாங்க. வெச்சிருக்கிறது அவங்க."

பழத்தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. எனக்குச் சேர வேண்டியதை எந்தத் தாளைக் காட்டிக் கேட்டேனோ, அதே தாளின் கடைசி வரியும் என்னைக் கட்டும் என்பது எனக்கு இயல்பாகவே பட்டது.

அதன்பின் வந்த மாதங்களில் குழு ஒரு சின்ன மாற்றம் செய்தது. எந்த அதிகாரி புது ஏற்பாடு கொண்டுவந்தாலும், உத்தரவு போகும் முன் நிராகரித்த ஆலோசனைகளைச் செயலாளர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதைக் கேட்டது அந்தப் போக்குவரத்து அதிகாரியேதான். டிப்போவுக்கு ஆய்வுக்கு வந்தபோது என் மேஜைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

உற்சாகத்தில் நான் இன்னொரு ஆலோசனை எழுதினேன். கண்டக்டர்களின் தோல் பையில் நாணயத்துக்குத் தனித்தனி அறைகள். நிராகரித்துவிட்டார்கள். காரணம் இந்த முறை அரைப் பக்கத்துக்கு இருந்தது. பை கனமாகும், அவசரத்தில் விரல் சிக்கும், இரண்டு பேர் தோளில் மாட்டிப் பார்த்தாயிற்று என்று. அண்ணாவிடம் காட்டினேன்.

"அந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தன்" என்றார். "யார் எழுதினதுன்னு தெரியாமத்தான் மாட்டிப் பாத்தேன். தெரிஞ்சிருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."