காகம் திரும்பிப் பார்த்த பதினான்கு பிரேம்

இறுப்பிட்டியில் எங்கள் வீட்டு அறையில் இருந்தபடியே கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்குக் கார்ட்டூன் செய்துகொடுக்கிறேன். கணவர் கனடாவுக்குப் போய் மூன்று வருடம். என் விசாவுக்காக இருவரும் காத்திருக்கிறோம்.

போன மாசியில் ஒரு காகம் என்னைப் படாத பாடு படுத்தியது. மதிலில் இருக்கும் காகம், சைக்கிள் ஓட்டிப் போகும் நாயைப் பார்க்க வேண்டும். சாதாரணமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகுதான் திடுக்கிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இதை 'டபுள் டேக்' என்போம். மூன்று தரம் அனுப்பினேன், மூன்று தரமும் திரும்பி வந்தது. கண்ணைப் பெரிதாக்கினேன், அலகைப் பிளக்க வைத்தேன். இயக்குநர் அக்கா போனில் சொன்னார்: "கண்ணில பிழை இல்லை. அது யோசிக்க நீர் நேரமே குடுக்கேல்லை."

அப்போதுதான் எங்கள் கலியாண வீடியோ நினைவுக்கு வந்தது. என்னை மணவறைக்குக் கூட்டி வரும்போது அவர் என்னைப் பார்த்துவிட்டு, யாரோ என்று நினைத்துத் தோழனோடு கதைக்கத் திரும்பிவிடுவார். பிறகு வெட்டித் திரும்புவார். சபையே சிரித்தது. எனக்கு அன்று சரியான கோபம்.

வீடியோவைப் பிரேம் பிரேமாக, ஒவ்வொரு படமாக நிறுத்தி நகர்த்தினேன். செக்கனுக்கு இருபத்தைந்து பிரேம். முகத்தைத் திருப்பிய பிறகு பதினான்கு பிரேமுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, மூச்சு மட்டும். பிறகு ஐந்து பிரேமில் நாடி மெல்லக் கீழே இறங்குகிறது, கண் சுருங்குகிறது. அடுத்த இரண்டே பிரேமில் தலை வெட்டித் திரும்பி, அளவைக் கொஞ்சம் தாண்டிப் போய், பிறகு நிதானத்துக்கு வருகிறது. என் காகத்துக்கு நான் விட்டிருந்த இடைவெளி நான்கு பிரேம்.

கணக்கை எழுதி முடித்த பிறகும் வீடியோவை மூட மனம் வரவில்லை. என்னைத் தெரியாமல் நின்ற அந்த அரைச் செக்கனையும், தெரிந்துகொண்ட முகத்தையும் எத்தனை தரம் ஓட்டினேனோ. அந்த முகத்தை நேரே பார்த்து மூன்று வருடம்.

காகத்தைத் திருத்தி அனுப்பினேன். அரைச் செக்கன் அசையாமல் நின்றாலே செத்த படம் மாதிரி ஆகிவிடும் என்று, அந்தப் பதினான்கு பிரேமிலும் நெஞ்சுச் சிறகை மட்டும் மெல்ல உயரவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

கணவருக்கும் அனுப்பினேன். வேலை இடைவேளையில் வீடியோ கோல் எடுத்தார்.

"இந்தக் காகம் என்னை மாதிரிக் கிடக்குதப்பா."

வீடியோக் கதையைச் சொன்னேன்.

"அண்டைக்கு உம்மைத் தெரியாமல் திரும்பேல்லை," என்றார். "அவ்வளவு வடிவா நிண்டது நீர்தான் எண்டு நம்ப ஏலாமல் கிடந்தது."

விசா பற்றிக் கேட்டேன். இன்னுமொரு படிவம் கேட்டிருக்கிறார்களாம். அவருக்குச் சாப்பிட நேரமாகிவிட்டது. போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். அவர் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டு முடியும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.