புளித்த மாவும் என் ஓரகத்தியின் கையும்

பதினோரு வருடம் நானும் என் ஓரகத்தியும் ஒரே சமையலறையில் இருந்தோம். என் கணவரும் அவர் தம்பியும் ஒரே லேத் பட்டறையில் வேலை செய்தார்கள். நாங்கள் இருவரும் சிங்காநல்லூரில் வீட்டின் முன்னறையில் டில்டிங் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்றோம். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம். அதனால்தான் அத்தனை வருடம் ஓடியது என்று இப்போது புரிகிறது. அப்போது என் திறமையால் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊற வைப்பதும் ஆட்டுவதும் என் வேலை. உளுந்தையும் அரிசியையும் தனித்தனியாக ஆட்டி எடுத்ததும், பெரிய எவர்சில்வர் அண்டாவில் உப்புப் போட்டுக் கையால் கலக்குவது அவள் வேலை. முழங்கை வரை கையை மாவில் விட்டு, அடியிலிருந்து தூக்கித் தூக்கிக் கலப்பாள். கலக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். நான் கேட்பதுபோல நடிப்பேன். இன்று அந்தப் பேச்சில் ஒரு பத்து நிமிடம் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

அண்டாவை நான் கழுவ விடமாட்டேன். முந்தைய நாள் மாவில் இரண்டு கரண்டி அடியில் விட்டு, அதன் மேலேயே புது மாவை ஊற்றுவது என் வழக்கம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. கடை ஆரம்பித்த புதிதில் மார்கழிக் குளிரில் மாவு பொங்காமல் கல் மாதிரி கிடந்து, நான் அழாத குறை. அப்போது பிடித்த பழக்கம். மார்கழிக்குப் பிடித்ததைச் சித்திரைக்கும் விடவில்லை.

"அக்கா, வெயில் காலத்துக்கு இந்த அடிமாவு வேண்டாங்க்கா. அண்டாவக் கழுவிப்போடறனுங்க" என்று அவள் ஒவ்வொரு கோடையிலும் சொல்லுவாள்.

"கழுவிப்போட்டு? நாளைக்கு மாவு பொங்கலீன்னா உங்கொப்பன் வந்து ஊதி ஏத்துவாரா?" என்பேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்தச் சித்திரையில் வெயில் சுட்டுப் பொசுக்கியது. விடிகாலையில் அண்டாவைத் திறந்தால் மாவு பொங்கி, வழிந்து, நடுவில் அமுங்கிக் கிடக்கும். வாடை மூக்கைத் துளைக்கும். எங்களிடம் தினமும் மாவு வாங்குகிற மெஸ்காரர் ஒருநாள் ஏழு மணிக்கெல்லாம் வாளியோடு திரும்பி வந்தார். வாசலில் பாக்கெட் மாவு வாங்க நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க, இத எப்படிங்க எல போட்டு வெக்கறது? வாயில வெக்க முடியலீங்க" என்று எல்லோர் எதிரிலும் வாளியை வைத்தார்.

எனக்கு முகம் எரிந்தது. யார் மேலாவது போட்டால்தான் ஆறும் போலிருந்தது. சிலருக்குச் சூட்டுக் கை, அவர்கள் கை பட்டால் மாவு புளிக்கும் என்று எங்கள் பக்கம் பெண்கள் சொல்லுவார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாம் இவ கைங்க. இவ கை பட்டாலே எல்லாம் கெட்டுப்போகுது" என்றேன். 'மாவு' என்று சொல்லியிருக்கலாம். 'எல்லாம்' என்றுதான் வாயில் வந்தது.

அவள் அப்போது மாவுக் கையோடுதான் நின்றிருந்தாள். குழாயடியில் போய்க் கையைக் கழுவினாள், சேலையில் துடைத்தாள், உள்ளே போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து மாவை நான்தான் கலக்கினேன். இரண்டு மாதம் கழித்து, தாராபுரத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கொழுந்தனுக்கு வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பையனுக்கு அப்போது நாலு வயது.

அவர்கள் போன வாரத்தில்தான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்தது. ஊரே குளிர்ந்தது. என் மாவின் புளிப்பும் நின்றது. மெஸ்காரர் திரும்ப வந்தார். "பாத்தீங்களா, நாஞ் சொன்னது சரிதான்?" என்று என் கணவரிடம் ஜம்பமாகச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். சொன்னது சரி என்ற நிம்மதியில்தான் நான் ஒரு வருடம் அவளுக்குப் போன் பண்ணாமல் இருந்தேன். ஆனால் தனியாக மாவு கலக்கும்போது அந்த அறை என்னை என்னவோ செய்யும். பேசிக்கொண்டே கலக்க ஆளில்லை. ரேடியோவைப் போட்டேன். அது நான் சொல்வதைக் கேட்கவில்லை.

மறு பங்குனி வந்தது. மாவு மறுபடியும் புளித்தது. இந்தத் தடவை அண்டாவுக்குள் போனது என் கை மட்டும்தான்.

எங்கள் தெருமுனையில் ஒரு டீச்சர் இருந்தார். கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித் தருபவர், எங்களிடம் வாரம் மூன்று பாக்கெட் வாங்குவார். அவர்தான் ஒருநாள், "ஏனுங்க, மாவு ரொம்பப் புளிக்குதுங்களே, எப்படிங்க செய்யறீங்க?" என்று கேட்டார். எப்போதும்போல எரிந்து விழாமல் நான் சொன்னேன். ஓரகத்தி கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவர் அண்டாவின் அடியைப் பார்த்தார். "கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்களே" என்றார்.

மனசுக்குள் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நம்பவில்லை. அவரே வழி சொன்னார். அன்று ஆட்டிய மாவை மூன்று சின்னப் போசிப் பாத்திரங்களில் எடுத்தோம். ஒன்றைக் கையால் கலக்கினேன். இன்னொன்றைக் கொதிநீரில் கழுவிய கரண்டியால் கலக்கினேன். மூன்றாவதையும் கரண்டியால்தான் கலக்கினேன், ஆனால் அதில் அண்டாவின் அடிமாவு ஒரு கரண்டி. மூன்றையும் மூடி ஒரே மேடையில் வைத்தோம்.

காலையில் டீச்சர் கல்லூரிக்குப் போகிற வழியில் வந்தார். கை போட்டதும் கை போடாததும் ஒரே உயரத்துக்குப் பொங்கி நின்றன. நுனி நாக்கில் வைத்தால் இரண்டிலும் ஒரே மெல்லிய புளிப்பு. அடிமாவு போட்டது பொங்கி முடித்து, அமுங்கி, அந்தப் பழைய வாடையோடு கிடந்தது.

பிறகு அவர் அவசரமில்லாமல் எடுத்துச் சொன்னார். மாவைப் பொங்க வைக்கிற பாக்டீரியாவை யாரும் கொண்டுவந்து போட வேண்டியதில்லை. உளுந்தின் மேலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அரிசியிலும் கொஞ்சம். காய்ந்த பருப்பில் தூங்குகிறது. ஊறி, அரைபட்டு, மாவில் சர்க்கரையும் ஈரமும் கிடைத்ததும் விழித்துப் பெருகுகிறது. முதலில் பெருகுகிறவை புளிப்போடு கரியமில வாயுவையும் விடுகின்றன. அந்த வாயு வெளியே ஓடிவிடாமல் உளுந்தின் கொழகொழப்பும் புரதமும் பிடித்து வைக்கின்றன. மாவு ஏறுவது அதனால்தான், இட்லியில் கண் விழுவதும் அதனால்தான். உப்பு, வேண்டாத கிருமிகளைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது.

"அப்பறம் புளிப்பு ஏற ஏற, மொதல்ல வந்ததுகளுக்கே அது தாங்காதுங்க. புளிப்பத் தாங்கற வேற கூட்டம் வந்து ஒக்காந்துக்கும். அதுகள்ல நெறைய வாயு விடாதுங்க, புளிக்க மட்டுந்தான் வெக்கும். உங்க அடிமாவுல இருக்கறது பூராம் அந்தக் கூட்டந்தானுங்க. நீங்க தினமும் அதுகளுக்கு மொதப் பந்தி வெக்கறீங்க."

"பழைய மாவு போட்டா மார்கழியில நல்லாத்தானுங்க பொங்குச்சு?"

"குளிர்ல எல்லாமே மெதுவாத்தான் பெருகுமுங்க. அப்ப இது கொஞ்சம் தள்ளி விடும். வெயில்ல தள்ளி உட்டா எங்க போய் நிக்கும்?"

"அப்ப கையில ஒண்ணுமே இல்லீங்களா?"

"கையிலயும் இருக்குமுங்க. உளுந்துல இருக்கறதுக்கு முன்னாடி அது எம்மாத்திரம்?"

அன்று அண்டாவைத் தேய்த்துக் கொதிநீர் விட்டுக் கழுவினேன். ஒரே நாளில் புளிப்பு அடங்கியது. பதினோரு வருடமாக அவள் கேட்டதும் இதைத்தான். அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டே அழுதேன். குளிர்ந்தது காற்று. பேர் வாங்கியது நான். பழி சுமந்துகொண்டு ஊரை விட்டுப் போனது அவள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் தாராபுரம் பஸ் ஏறினேன். போன் பண்ணவில்லை. பண்ணியிருந்தால், "பரவால்லீங்க்கா" என்று சொல்லி முடித்துவிடுவாள், தெரியும்.

அவள்தான் கதவைத் திறந்தாள். "வாங்க்கா" என்றாள். இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள், மாமா சௌக்கியமா என்று கேட்டாள். சாயந்தரம் சின்ன கிரைண்டரில் அவள் வீட்டுக்கு மாவு ஆட்டினாள். வழித்துப் போசியில் விட்டாள். உப்புப் போட்டாள். பிறகு வாசலுக்குப் போய், "அம்மணி, கொஞ்சம் வந்துட்டுப் போறயா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வந்து, பழக்கமான வேலைபோலக் கையைக் கழுவிக்கொண்டு மாவைக் கலக்கக் குனிந்தாள்.

"நீ போ கண்ணு" என்று அந்தப் பெண்ணை அனுப்பினேன்.

"இதென்ன அம்மணி?" என்று ஓரகத்தியிடம் கேட்டேன்.

"என்ற கை ஆகாதுங்களே அக்கா." குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை வராது என்பதுபோலச் சொன்னாள்.

மூன்று போசி கதை முழுக்கச் சொன்னேன். அடிமாவைச் சொன்னேன். வந்து வீசிய காற்றைச் சொன்னேன். "என்ற தப்பு. உன்ற கையில ஒண்ணுமில்ல. நாந்தான் எல்லாத்தையும் கெடுத்துப்போட்டேன். என்ன மன்னிச்சுரு" என்றேன். எனக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. அவள் போசியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு மெதுவாகக் கையை விட்டாள். பழையபடி அடியிலிருந்து தூக்கித் தூக்கிக் கலக்கினாள். பேச்சு மட்டும் இல்லை.

காலையில் மூடியைத் தூக்கினோம். மாவு விளிம்பு வரை ஏறி நின்றது. கரண்டி விட்டால் உள்ளே நுரை நுரையாகக் கண்கள். அவள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். எனக்கு ஆறு இட்லி வைத்தாள், போதும் என்றபோது இன்னும் ஒன்று வைத்தாள்.

"வந்துரு அம்மணி. நீயில்லாம எனக்கு அந்த அறையில நிக்க முடியல" என்றேன்.

"பையன இங்க ஸ்கூல்ல சேத்தியாச்சுங்க்கா. நீங்க வந்து போங்க."

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பஸ் வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"மாவு கெடக்குதுங்க்கா. அதொண்ணுமில்ல. இங்க வந்த புதுசுல பையனுக்குச் சோத்தப் பெசஞ்சு ஊட்டப் பயமா இருந்துச்சுங்க. எல்லாம் கெட்டுப்போகுதுன்னு சொன்னீங்களே. ஸ்பூன்லதான் குடுத்தனுங்க. அவன் கையில குடும்மான்னு அழுவான்."

கண்டக்டர் விசில் அடித்தார். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.