அத்தை டோன் பார்த்த நேரங்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கணக்கு டீச்சர்கள் எல்லாருமே அப்படித்தான் என்பார் என் கணவர். கல்ஃபில் இருப்பதால் தைரியமாகச் சொல்வார். ஊரடங்கில் பஸ் ஓடாமல், கல்லூரிகள் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் என் கோபம் முழுவதும் ஒரு சின்னப் பச்சை விளக்கின் மேல் இருந்தது. அது மோடத்தில் எரிந்தால் நான் புதுக்கோட்டைக் கல்லூரியின் உதவிப் பேராசிரியை. அணைந்தால், திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் ஓர் அறைக்குள் தனியாக உட்கார்ந்து வகையீட்டுச் சமன்பாடு பற்றிச் சுவரோடு பேசிக்கொண்டிருப்பவள்.

நானும் மாமியாரும் மட்டும் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு கோடு வரும், அசைந்தால் போய்விடும். பழைய செம்புக் கம்பி வழியாக வரும் டெலிபோனும் அதே கம்பியில் வரும் நெட்டும்தான் கதி. அதுவும் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை அறுந்து, திரும்பி வர ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். மற்ற நேரத்தில் ஊர்ந்து போகும்.

மாணவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், சந்தோஷமாகவே பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வார வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருஷம் உழைத்த ஆய்வு. வெளி மாநிலத்துத் தேர்வாளர் திரையில் வருவார். "நடுவுல கட்டாகாமப் பாத்துக்கங்கம்மா. மறுபடி அவர் தேதி குடுக்குறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்" என்று என் நெறியாளர் சொல்லியிருந்தார். அவர் பகடி பேசுகிறவர் இல்லை.

திங்கட்கிழமை டெலிபோன் லைன்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் ஒரு ரெக்சின் பை, காதோரம் ஒரு பென்சில். முன்பே நான் அவருடைய அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தியிருந்ததால் வாசலிலேயே, "கோவமா இருக்கீங்கன்னு சொன்னாங்க டீச்சர். அதான் சாப்பிட்டுட்டே வந்துட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் என் அறையிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தார். கரகரவென்ற சத்தம் எனக்கே கேட்டது. கூடத்துச் சுவரில், வெளியிலிருந்து லைன் வந்து சேரும் வெள்ளைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது என்ன டீச்சர், சந்தனமா?"

சந்தனம்தான். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் லேப்டாப், மோடம், சுவர்ப் பெட்டி எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பேன். பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே இறங்கிய சந்தனம் திருகாணிகளுக்கு நடுவே காய்ந்து கிடந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது.

"சாமி கும்பிடுறது தப்பில்ல. பொட்ட மூடி மேல வைங்க. உள்ள வச்சா கம்பிக்குக் கம்பி கரண்டு கசியும், இரைச்சல் வரும், நெட்டு நொண்டும்" என்றார். கம்பி முனைகளை வெட்டிப் புதிதாகச் சீவி, பெட்டியையே மாற்றினார். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. "வேற ரூம்ல எங்கயாச்சும் போன் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "ஒரே நம்பர்தாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பது எனக்கு உறைக்கவில்லை.

வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் அறுவது நிற்கவில்லை. மறுநாள் பதினொன்றரைக்கும் விளக்கு அணைந்தது. இரண்டு மணிக்கும் அணைந்தது. நான் மறுபடி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இந்த முறை கத்தக்கூட இல்லை, அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை காலை அவரே வந்தார். என் அழுகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கே அவரை எனக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்குள் போகிற எல்லாக் கம்பியையும் கூடத்துப் பெட்டியில் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் நேரே அங்கே மாட்டினார். முக்கால் மணி நேரம் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். விளக்கு இமைக்கவில்லை.

"வெளிய லைன் சுத்தம். கோளாறு வீட்டுக்குள்ளதான் இருக்கு. எப்பெப்ப கட்டாகுதுன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா? நான் நோட்டே போட்டு வைத்திருந்தேன். ஆறரை, எட்டு, ஒன்பதே முக்கால், பதினொன்றரை, இரண்டு, நாலரை. பத்து நாளும் அதே நேரங்கள், ஐந்து நிமிடம் முன்னே பின்னே. அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"கோளாறு இம்புட்டு ஒழுங்கா வராது டீச்சர். இது மனுசங்க வேலை."

கம்பிகளைப் பழையபடி மாட்டிவிட்டுக் காத்திருந்தார். மோடம் என் மேசைக்குத் திரும்பியது. பதினொன்றரை ஆனது. பச்சை விளக்கு அணைந்தது. அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். என் மாமியாரின் அறையிலிருந்து 'டொக்' என்று ரிசீவரை வைக்கும் சத்தம் வந்தது.

அந்த அறையில் ஒரு போன் இருந்தது. என் கணவர் கல்ஃபுக்குப் போன புதிதில் போட்டது. அவர் கூப்பிட்டால் அம்மாவும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் எடுத்துக் கேட்க வேண்டும் என்று, கூடத்துப் பெட்டியிலிருந்தே ஒரு கம்பியைக் கிளைபிரித்து பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படி உண்டு. நெட் வந்தபோது என் அறையில் மட்டும் ஸ்ப்ளிட்டர் மாட்டினார்கள். அத்தை போனை யாரும் நினைக்கவில்லை.

"பேச்சும் நெட்டும் ஒரே கம்பியிலதான் வருது. பேச்சு கீழ் சுருதி, நெட்டு மேல் சுருதி. ரெண்டையும் பிரிச்சு விடுறதுதான் இந்தச் சின்ன டப்பா" என்று ஸ்ப்ளிட்டரைக் காட்டினார். "அது இல்லாத போனு, கீழ வச்சிருக்கையிலேயே நெட்டக் கொஞ்சம் இழுக்கும். எடுத்துட்டா மொத்தமாச் சாய்ச்சுப்புடும்."

"அப்ப அந்தக் கம்பிய வெட்டிருங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. நாளைக்குத் தேர்வு.

அவர் வெட்டவில்லை. அத்தையின் அறை வாசலில் போய் நின்று, "ஆத்தா, யாருக்குப் போன் பண்ணீங்க?" என்றார்.

"யாருக்குமில்லப்பா. டோன் இருக்கான்னு, கொய்ங்குன்னு கேக்குதான்னு பாத்தேன்."

"ஒரு நாளைக்கு ஆறு தடவையா?"

அத்தை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார். "புயலடிச்ச வருசம் ஒம்பது நாள் லைன் செத்துக் கெடந்துச்சு. எங்களுக்குத் தெரியல. எம்மவன் அங்க கால ஒடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கான். செத்த போனு மணியடிக்காம இருக்குறதும், நல்ல போனு மணியடிக்காம இருக்குறதும் ஒண்ணு போலத்தானப்பா இருக்கு? எடுத்துப் பாத்தாத்தானே தெரியும். இப்ப இவ வேற தெனமும் லைன் போச்சு லைன் போச்சுங்குறா. அதான் அடிக்கடி பாக்குறேன்."

நான் கத்தக் கத்த அத்தை டோன் பார்த்திருக்கிறார், அவர் பார்க்கப் பார்க்க நான் கத்தியிருக்கிறேன். கால் ஒடிந்த கதை எனக்குத் தெரியும். அன்றிலிருந்து இந்த மனுஷி காவலிருக்கிறார் என்பது, அடுத்த அறையிலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. வெட்டச் சொன்னேனே என்று வெட்கமாக இருந்தது.

லைன்காரர் என் பக்கம் திரும்பினார். "இதே வேலை செய்யுற ஃபில்டர் தனியா ஒண்ணு இருந்தா இவுங்க போனுல மாட்டிட்டுப் போயிருவேன். ஸ்டாக் வந்து மாசமாச்சு. இன்னொரு வழி இருக்கு. ஒங்க ஸ்ப்ளிட்டரக் கழட்டிக் கூடத்துப் பெட்டியிலயே மாட்டுறேன். மோடம் ஓட்டையிலேருந்து ஒங்க ரூம்புக்கு. போன் ஓட்டையிலேருந்து ஆத்தா ரூம்புக்கு. என்ன, ஒங்க ரூம்ல போன் இருக்காது."

"இருக்க வேண்டாங்க" என்றேன்.

அரை மணி நேரத்தில் முடித்தார். கம்பியைச் சீவும்போது செம்பில் ஒரு கீறல் விழாமல் சீவினார். மோடத்தை அத்தையின் கண்ணில் படும்படி கதவோரம் வைத்துவிட்டு, "இப்ப எடுங்க ஆத்தா" என்றார். அத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். விளக்கு அசையவில்லை. "இனிமே நூறு தடவ பாருங்க" என்று சொல்லி, கீழே சிந்தியிருந்த கம்பித் துணுக்குகளைத் தானே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்கு எட்டு வருஷம் பாடம் சொன்ன புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சுத்தமான நிறுவலை நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, யாரையும் குற்றவாளியாக்காமல் முடித்த நிறுவல்.

இருந்தும் வியாழக்கிழமை காலை என் பயம் என்னை விடவில்லை. "இன்னைக்கு மட்டும் போனைத் தொடாதீங்க அத்தை" என்று கேட்டுக்கொண்டேன். "தொடலத்தா" என்றார்.

பதினொரு மணிக்குத் தேர்வு தொடங்கியது. மூன்றாவது கேள்வியில் தேர்வாளர் என் இரண்டாம் தேற்றத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரே கதவோரம் அத்தை வந்து நின்றார். மணி பதினொன்றரை. முந்தானையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையைக் காதருகே கொண்டுபோய்க் காட்டினார். கொடுத்த வாக்கை மீறவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் அந்த முகம் தவித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

தேர்வாளர் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன்.

அத்தை போனார். ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது. என் கண் பச்சை விளக்கிலேயே இருந்தது. தேர்வாளர் பேசிக்கொண்டே இருந்தார், ஒரு சொல் விடாமல் வந்தது. 'டொக்'. வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன பதில்கள்தான் அன்று நான் சொன்னவற்றில் நன்றாக இருந்தவை என்று நெறியாளர் பின்னால் சொன்னார்.

முடிவை அறிவித்துக் கைதட்டி அவர்கள் திரையை விட்டுப் போன சிறிது நேரத்தில் போன் அடித்தது. ஒரே போன்தான், அத்தை அறையில். "பாஸாயிட்டாடா ஒம்பொண்டாட்டி! நான் நடுவுல டோன்கூடப் பாத்தேன், ஒண்ணும் ஆகல" என்று சத்தமாகச் சொன்னவர், என்னைக் கூப்பிட்டார். நான் போய் ரிசீவரை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, ரிசீவரைத் தன் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு பேரும் கேட்டோம்.