வராத நால்வர்

ஏனாத்தூருக்கு அருகில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள் கிரேஸ். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை; பழைய புத்தகங்களை வைத்துத் தானே கற்றாள். அதனாலோ என்னவோ, ஒவ்வொரு விடைத்தாளையும் இரண்டு முறை பார்ப்பாள்.

இந்த முறை வினாத்தாள் கடினம். சராசரி அறுபது, அதைச் சுற்றி மதிப்பெண்கள் சிதறும் அளவான திட்டவிலக்கம் பத்து வரும்படி மதிப்பெண்களை மாற்றுவதென்று தேர்வுக்கு முன்பே துறையில் முடிவு செய்திருந்தார்கள். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஒவ்வொருவரும் வகுப்புச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்த்து, அந்த விலகலைப் பத்துக்கு ஏற்பச் சுருக்கியோ நீட்டியோ அறுபதுடன் சேர்க்க வேண்டும். கிரேஸ் அப்படியே செய்து, தற்காலிகப் பட்டியலை ஒட்டினாள். திருப்புட்குழியிலிருந்து வரும் மாணவி ரேவதியின் இருபத்தெட்டு ஐம்பத்தைந்து ஆகியிருந்தது. ரேவதிக்கு வேலை கிடைத்திருந்தது. தேர்ச்சிச் சான்று காட்டினால் சேர்ந்துவிடலாம்.

மறுநாள் சக ஆசிரியன் சத்யராஜ் பட்டியலைப் பார்த்துச் சிரித்தான்.

"மேடம், நாலு பேருக்கு சைபர் போட்டுருக்கீங்க?"

"அது ஆப்சென்ட்பா. பழைய கம்ப்யூட்டர்ல காலியா விட்டா ஏத்துக்காது. அந்தப் பழக்கம்."

"பரீட்சைக்கு வராதவன் சராசரிக்கு மட்டும் கரெக்டா வந்து குந்திக்கினு இருக்கான்!"

கிரேஸ் கணக்கைத் திரும்பத் திறந்தாள். அந்த நான்கு சுழியங்களை நீக்கினாள். முப்பத்தாறாக இருந்த சராசரி நாற்பதானது. பதினைந்துக்கும் மேலிருந்த திட்டவிலக்கம் பத்தாகக் குறைந்தது. ரேவதி சராசரிக்குப் பன்னிரண்டு கீழே நின்றாள். அறுபதில் பன்னிரண்டு போக நாற்பத்தெட்டு. அவளோடு இன்னும் சிலரும் ஐம்பதுக்குக் கீழே இறங்கினார்கள். அறுபது வாங்கியிருந்தவன் எழுபத்தாறிலிருந்து எண்பதுக்கு ஏறினான்.

"துறையில முடிவு பண்ண பத்துக்குப் பதிலா எட்டு போட்டுடுங்களேன் மேடம்," என்றான் சத்யராஜ், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பொண்ணு தப்பிச்சிக்கும்."

போட்டுப் பார்த்தாள். ஐம்பது தாண்டியது.

"பேரைப் பார்த்துட்டு எட்டு போடக் கூடாதுப்பா," என்று அழித்தாள். துறைத்தலைவரிடம் போய், தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ரேவதியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவள் முதலில் அழவில்லை.

"நான் எழுதுனது மாறலையே மேடம்? அதே இருபத்தெட்டு தானே?"

"அதே தான்மா."

"அப்போ நேத்து எப்படி பாஸ் ஆனேன்?"

"வராதவங்க நாலு பேரையும் சேர்த்துட்டேன். சராசரி எறங்கிடுச்சு. அதனால நீ மேல தெரிஞ்ச."

"எங்கப்பா தெருவுக்கே ஸ்வீட் குடுத்துட்டாரு மேடம்."

ரேவதி துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"மறுதேர்வு எப்போ மேடம்?"

"அடுத்த பருவத்துல."

"வேலைக்கு வர்ற திங்கக்கிழமை சேரணும்," என்றாள் ரேவதி. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.